பிரிட்ஜில் ஒரு கை மட்டும் மாறும்போது: உணர்திறன், நேர்கோட்டு விலகல், கைகளைக் கூட்டும் முறை

ஸ்ட்ரெயின் கேஜை வீட்ஸ்டோன் பிரிட்ஜில் இணைத்து அளக்கப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கேஜ் போட்டால் சிக்னல் சின்னதாக வருகிறது, எடையைக் கூட்டினால் அளவு சரியான விகிதத்தில் ஏறுவதில்லை, கோடு வளைகிறது. உடனே இரண்டாவது கேஜை, பிரிட்ஜின் நான்கு மின்தடைக் கைகளில் கிடைத்த ஒன்றில் இணைக்கிறார்கள். சிக்னல் இரட்டிப்பாகிறது, ஆனால் வளைவு அப்படியே நிற்கிறது. அல்லது சிக்னலே காணாமல் போகிறது.

எத்தனை கை மாறுகிறது என்பதோடு, எந்தக் கை எந்தத் திசையில் மாறுகிறது என்பதும் முக்கியம். அதைக் கையில் பிடித்துப் பார்க்க, முதலில் சாதாரண ரெசிஸ்டர்களில் செய்துவிட்டு, அப்புறம் ஒரு எஃகுப் பட்டையில் ஒன்று, இரண்டு, நான்கு கேஜ் என்று போகலாம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ரெசிஸ்டரில் வித்தியாசம் பல மில்லிவோல்ட் அளவில் வரும், சாதாரண மல்டிமீட்டரிலேயே தெரியும். கேஜில் அது மைக்ரோவோல்ட் ஆகிவிடும். அங்கே வயரிங் பிழையா, வெப்பமா, வளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

## 1. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

ரெசிஸ்டர் பயிற்சிக்கு: நிலையான 5 வோல்ட் சப்ளை, 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் மல்டிமீட்டர், பிரெட்போர்டு, 1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் பத்துப் பன்னிரண்டு, 100 ஓம், 680 ஓம், 220 ஓம் ஆகியவற்றில் இரண்டிரண்டு.

கேஜ் வேலைக்கு: 350 ஓம் ஃபாயில் கேஜ் நான்கு (எஃகுக்கு வெப்பம் பொருத்தப்பட்டவை, கேஜ் காரணி சுமார் 2), 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகுப் பட்டை, எச்எக்ஸ்711 மாட்யூல் அல்லது 10 மைக்ரோவோல்ட் காட்டும் மீட்டர், 350 ஓம் துல்லிய ரெசிஸ்டர்கள் மூன்று, 470 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 2 கிலோ எடை.

துல்லிய ரெசிஸ்டர் வாங்கும்போது 0.1 சதவீதம் என்பதை மட்டும் பார்க்காமல் வெப்பநிலைக் கெழுவையும் பாருங்கள். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு, அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். காரணம் 6ஆம் படியில் வரும்.

1 கிலோஓம் ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று 1 ஓமுக்குள் இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். 1 ஓம் வித்தியாசமே வெளியீட்டில் 1.25 மில்லிவோல்ட் தள்ளிவிடும். நாம் தேடும் வளைவு சுமார் 6 மில்லிவோல்ட். அளந்து பொறுக்காவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

## 2. கைகளுக்குப் பெயரும் இடமும்

பிரிட்ஜைச் சாய்சதுரமாக வரையாமல் இரண்டு வரிசைகளாக வரையுங்கள். இடது வரிசையில் மேலே R1, கீழே R2. வலது வரிசையில் மேலே R4, கீழே R3. இரண்டு வரிசைகளின் உச்சியும் 5 வோல்ட்டில், அடியும் பூஜ்ஜியத்தில். மீட்டரின் சிவப்பு முனை வலது நடுப்புள்ளியில், கறுப்பு முனை இடது நடுப்புள்ளியில்.

சாய்சதுரப் படத்தில் எது எதற்கு எதிர், எது எதன் பக்கம் என்பது கண்ணுக்கு எளிதில் குழம்பும். வரிசையாக வரைந்தால், ஒரே மின்னோட்டம் எந்த இரண்டு கைகள் வழியே ஓடுகிறது என்பது நேராகத் தெரியும். வளைவு பற்றிய எல்லாமே அந்த மின்னோட்டத்தில்தான் இருக்கிறது.

R1, R2 இரண்டும் ஒரே வரிசை. அவற்றை ‘பக்கக் கைகள்’ என்று சொல்வேன். R1, R3 இரண்டும் மூலைவிட்டமாக எதிரெதிரே இருப்பவை, ‘எதிர்க் கைகள்’. Vo என்பது மீட்டர் காட்டும் வெளியீடு, Vex என்பது சப்ளை என்றால் முழுக் கணக்கும் இவ்வளவுதான்:

```
Vo / Vex = (R1·R3 − R2·R4) / ((R1 + R2)·(R3 + R4))
```

மாற்றம் சிறிதாக இருக்கும்போது, ஒவ்வொரு கையின் விகித மாற்றத்தையும் x1, x2, x3, x4 என்று வைத்தால்:

```
Vo / Vex ≈ (x1 − x2 + x3 − x4) / 4
```

இந்தக் குறிகளைத் தாளில் எழுதிக் கண்முன் ஒட்டிக்கொள்ளுங்கள். பக்கக் கைகள் ஒன்றையொன்று கழிக்கும், எதிர்க் கைகள் ஒன்றோடொன்று கூடும்.

## 3. ரெசிஸ்டரில் முதல் பயிற்சி: ஒரு கை

நான்கு 1 கிலோஓம் போட்டு மீட்டரைப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு அருகே ஏதோ ஒரு எண் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இனி எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். சப்ளையையும் பிரிட்ஜின் முனைகளிலேயே அளந்து எழுதுங்கள். சப்ளைப் பெட்டியில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்.

இப்போது R1-க்குத் தொடராக 100 ஓம் சேருங்கள். R1 1100 ஓம் ஆகிறது, மாற்றம் +10 சதவீதம். நேர்கோட்டுச் சூத்திரப்படி 5 வோல்ட்டில் கால் பங்கின் 10 சதவீதம், அதாவது 125 மில்லிவோல்ட் வர வேண்டும். மீட்டர் காட்டுவது சுமார் 119 மில்லிவோல்ட்.

அடுத்து R1-ஐ எடுத்துவிட்டு 680, 220 இரண்டையும் தொடராகப் போடுங்கள், 900 ஓம். இப்போது −125 எதிர்பார்ப்போம். வருவது சுமார் −131.6.

ஏறும்போது குறைவாகவும் இறங்கும்போது அதிகமாகவும் வருகிறது. இரண்டு திசையிலும் அளந்து பார்ப்பது அவசியம். ஒரு திசையில் மட்டும் பார்த்தால், சப்ளை கொஞ்சம் குறைந்திருக்கலாம், கேஜ் காரணி தவறாக இருக்கலாம் என்று தோன்றும். அவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைக்கும். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடினால் அது வளைவுதான்.

## 4. வளைவு எங்கிருந்து வருகிறது

இடது வரிசையின் மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். சமநிலையில் 5 வோல்ட், 2000 ஓம், எனவே 2.5 மில்லிஆம்பியர். R1 1100 ஆனதும் மொத்தம் 2100 ஓம், மின்னோட்டம் 2.381 மில்லிஆம்பியர். இது 4.76 சதவீதக் குறைவு. 125-க்குப் பதில் 119 வந்ததும் அதே 4.76 சதவீதக் குறைவுதான்.

இது தற்செயல் இல்லை. வெளியீடு என்பது, அந்த மின்னோட்டத்தை மின்தடை மாற்றத்தால் பெருக்கி வருவதில் பாதி. மாற்றம் கூடக் கூட, அதை அளக்க உதவும் மின்னோட்டமே குறைந்துகொண்டு போகிறது. அளவுகோலே சுருங்குவதால் கோடு வளைகிறது.

சூத்திரமாக:

```
Vo / Vex = (x / 4) · 1 / (1 + x/2)
```

நேர்கோட்டிலிருந்து விலகல் ஏறத்தாழ x-இல் பாதி. கேஜ் காரணி 2 என்றால் x என்பது திரிபைப் போல இரண்டு மடங்கு. அதனால் விலகல் விகிதம் திரிபுக்கே சமம். 1000 மைக்ரோஸ்ட்ரெயினில் 0.1 சதவீதம், 10,000 மைக்ரோஸ்ட்ரெயினில் 1 சதவீதம். மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஒரே ஒரு கைதான் சாத்தியம் என்றால், வளைவைக் கணக்கிலேயே நீக்கிவிடலாம். v என்பது சமநிலை எண்ணைக் கழித்த வெளியீட்டைச் சப்ளையால் வகுத்தது என்றால்:

```
x = 4·v / (1 − 2·v)
```

119.05 மில்லிவோல்ட்டை 5 வோல்ட்டால் வகுத்து இதில் போட்டால் சரியாக 0.1 வரும். மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு வரி வேலை. ஆனால் இது வளைவை மட்டும்தான் நீக்கும். உணர்திறனும் வெப்பப் பிரச்சினையும் அப்படியே இருக்கும்.

## 5. இரண்டாவது கை: எங்கே போடுவது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மூன்று இணைப்புகளையும் ரெசிஸ்டரிலேயே செய்து எழுதி வையுங்கள்.

எதிர்க் கைகள், ஒரே திசை. R1, R3 இரண்டும் 1100. எதிர்பார்ப்பு 250 மில்லிவோல்ட், வருவது சுமார் 238. உணர்திறன் இரட்டிப்பாகிவிட்டது, விலகல் மட்டும் அதே 4.76 சதவீதம். ஏன்? இடது வரிசை 2100, வலது வரிசையும் 2100. இரண்டிலும் மின்னோட்டம் குறைந்துவிட்டது.

பக்கக் கைகள், எதிர்த் திசை. R1 1100, R2 900. இப்போது மீட்டர் 250 காட்டும், ரெசிஸ்டர் பொறுக்கிய துல்லியத்துக்குள். இடது வரிசையின் மொத்தம் இன்னும் 2000 ஓம், மின்னோட்டம் இன்னும் 2.5 மில்லிஆம்பியர். உணர்திறனும் இரட்டிப்பு, கோடும் நேர்.

பக்கக் கைகள், ஒரே திசை. R1, R2 இரண்டும் 1100. வெளியீடு பூஜ்ஜியம். புதிதாக இரண்டாவது கேஜைச் சேர்த்ததும் சிக்னல் செத்துவிட்டது என்று சொல்பவர்களின் இணைப்பைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கேஜ் கெட்டுப்போகவில்லை, கை மாறிப் போயிருக்கிறது.

நான்கு கைகளுக்கும் இதையே நீட்டுங்கள். R1, R3 1100, R2, R4 900 என்று வைத்தால் 500 மில்லிவோல்ட். ஒரு கையைப் போல நான்கு மடங்கு, விலகல் இல்லை. இரண்டு வரிசைகளின் மொத்தமும் மாறவே இல்லை.

ஆகவே எந்தப் பிரிட்ஜைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: அளவு ஏறும்போது ஒரு வரிசையின் மொத்த மின்தடை மாறுகிறதா? மாறாவிட்டால் கோடு நேர். மாறினால் எத்தனை கேஜ் இருந்தாலும் வளைவு உண்டு.

எதிர்க் கைகள்தான் கிடைக்கும் என்ற நிலையில் ஒரு வழி இருக்கிறது. நிலையான மின்னழுத்தத்துக்குப் பதில் நிலையான மின்னோட்டம் கொடுங்கள். இரண்டு வரிசைகளும் ஒரே அளவு ஏறுவதால் மின்னோட்டம் எப்போதும் பாதிப் பாதியாகப் பிரியும், விலகல் முழுதாகப் போய்விடும். ஒற்றைக் கைக்கு இதே மின்னோட்ட மூலம் விலகலைப் பாதியாக்கும், முழுதாக நீக்காது, ஏனென்றால் அங்கே ஒரு வரிசை மட்டும் மாறுவதால் பிரிவு சமமாக நிற்பதில்லை.

## 6. எஃகுப் பட்டையில் ஒரு கேஜ்

பட்டையின் ஒரு முனையை இறுக்கமாகப் பிடித்துவிட்டு, மறுமுனையில் எடை தொங்கவிட வேண்டும். எடை தொங்கும் புள்ளியிலிருந்து கேஜின் நடுப்பகுதி 150 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கட்டும். பிடிக்கு மிக அருகே ஒட்டாதீர்கள், பட்டையின் அகல அளவாவது விட்டு ஒட்டுங்கள். பிடியின் அழுத்தம் அங்கே திரிபைக் குலைத்துவிடும். தேய்ப்பது, துடைப்பது, ஒட்டுவது எல்லாம் கேஜோடு வரும் தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

ஒட்டுவதற்கு முன்பே எதிர்பார்க்கும் எண்ணைக் கணக்கிட்டு எழுதுங்கள். எண் தெரியாமல் அளந்தால், வந்ததெல்லாம் சரி என்று தோன்றும்.

2 கிலோ எடை 19.62 நியூட்டன். 150 மில்லிமீட்டரால் பெருக்கினால் வளைதிறன் 2.943 நியூட்டன் மீட்டர். 25 × 3 மில்லிமீட்டர் பட்டையின் வெட்டுமுகக் கெழு, அகலம் பெருக்கல் தடிமனின் வர்க்கம் வகுத்தல் 6, அதாவது 37.5 கன மில்லிமீட்டர். தகைவு 78.5 மெகாபாஸ்கல். எஃகின் யங் குணகம் 200 கிகாபாஸ்கல் என்று கொண்டால் திரிபு 392 மைக்ரோஸ்ட்ரெயின். கேஜ் காரணி 2, எனவே x = 0.000785. ஒரு கைக்கு, 5 வோல்ட்டில் வெளியீடு 0.98 மில்லிவோல்ட்.

இங்கே விலகல் எவ்வளவு? x-இல் பாதி, அதாவது 0.04 சதவீதம். 0.4 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. இதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. இந்தப் பட்டையில் ஒற்றைக் கேஜின் உண்மையான பிரச்சினை வளைவு இல்லை, சின்ன சிக்னலும் வெப்பமும்தான். நேர்கோடாக வரவில்லை என்று யாராவது சொன்னால், இந்த அளவு திரிபில் முதலில் பிடி நழுவுகிறதா, பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். இறக்கி வைத்ததும் பழைய பூஜ்ஜியத்துக்குத் திரும்பாவிட்டால் அது பிரிட்ஜின் குற்றமில்லை.

வெப்பத்துக்கு வருவோம். R2-இல் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு மாறும் சாதாரண ரெசிஸ்டர் இருந்தால், கேஜைவிட அது 10 டிகிரி சூடேறும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். அது 500 மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சமம். நம் 2 கிலோவே 392-தான்! ஃபேன் காற்று பட்டாலே எண் நகர்வதற்கு இதுதான் காரணம். R3, R4 இரண்டும் ஒரே வகை, அருகருகே இருந்தால் சேர்ந்தே மாறி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். R2-தான் கவனிக்க வேண்டிய இடம்.

அடுத்தது வயர். கேஜுக்கு இரண்டு வயர் மட்டும் போட்டால் அந்த வயரின் மின்தடை முழுதும் R1-இல் சேரும். போக வர 1 ஓம் உள்ள செப்பு வயர் 10 டிகிரி சூடானால் 0.039 ஓம் ஏறும். இது 56 மைக்ரோஸ்ட்ரெயின், நம் பட்டையில் சுமார் 285 கிராம் வைத்ததுபோல. அதனால் மூன்று வயர் போடுங்கள். கேஜின் ஒரு முனையில் ஒரு வயர், மறுமுனையில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று R2-க்குப் போகும், இன்னொன்று மீட்டருக்கு. இப்போது ஒரு வயர் R1-உடனும் ஒரு வயர் R2-உடனும் சேர்கிறது. பக்கக் கைகள் என்பதால் வெப்ப மாற்றம் கழிந்துபோகும். மூன்றும் ஒரே நீளம், ஒரே தடிமன், ஒன்றாகச் சேர்த்து முறுக்கியவையாக இருக்க வேண்டும்.

எச்எக்ஸ்711 பயன்படுத்துபவர்கள் 128 பெருக்கத்தில் அதன் உள்ளீட்டு எல்லை 5 வோல்ட்டுக்கு ±20 மில்லிவோல்ட் என்பதை நினைவில் வையுங்கள். 1 சதவீத ரெசிஸ்டர்கள் மூன்று போட்டால், ஒவ்வொன்றும் 12.5 மில்லிவோல்ட் வரை சமநிலையைத் தள்ளலாம். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் எல்லை தாண்டிவிடும். அப்போது எடை வைத்தாலும் எடுத்தாலும் எண் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மாட்யூல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்குமுன் மல்டிமீட்டரில் சமநிலை மின்னழுத்தத்தைப் பாருங்கள். மாட்யூல் பிரிட்ஜுக்குக் கொடுக்கும் சப்ளையையும் அளந்துகொள்ளுங்கள். அது 5 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால், இங்கே சொன்ன வெளியீடுகள் எல்லாம் அதே விகிதத்தில் குறையும்.

## 7. இரண்டாவது கேஜ்: பட்டையின் அடியில்

எடை தொங்கும்போது பட்டையின் மேற்புறம் நீளும், அடிப்புறம் அதே அளவு சுருங்கும். இரண்டாவது கேஜை முதல் கேஜுக்கு நேர் கீழே, அதே 150 மில்லிமீட்டர் தூரத்தில் ஒட்டி, R2-இல் இருந்த துல்லிய ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அங்கே இணையுங்கள். மேற்கேஜ் R1, அடிக்கேஜ் R2. 5ஆம் படியில் 1100, 900 செய்தது இதைத்தான்.

எதிர்பார்ப்பு 1.96 மில்லிவோல்ட். ஆனால் இந்தப் படியின் பெரிய லாபம் அந்த இரட்டிப்பு இல்லை. வெப்பத்தால் அலைந்த R2 ரெசிஸ்டர் போய்விட்டது. இரண்டு கேஜும் ஒரே எஃகில், ஒரே வெப்பத்தில் இருக்கின்றன. வெப்பம் இரண்டையும் ஒரே திசையில் மாற்றுகிறது, பக்கக் கைகள் அதைக் கழித்துவிடுகின்றன. எடை இரண்டையும் எதிர்த் திசையில் மாற்றுகிறது, அது கூடுகிறது.

சரிபார்க்க: எடை இல்லாமல் பட்டை முழுவதையும் ஹேர் டிரையரால் மெல்லச் சூடேற்றுங்கள். ஒற்றைக் கேஜில் ஓடிய எண் இப்போது கொஞ்சம்தான் நகர வேண்டும். மேற்புறத்தை மட்டும் சூடாக்கினால் இரண்டு கேஜுக்கும் வெப்பம் வேறுபட்டு எண் ஓடும், அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில நிமிடம் விட்டு, பட்டை முழுதும் ஒரே சூட்டுக்கு வந்தபின் பாருங்கள்.

அடியில் ஒட்ட இடமில்லை என்று இரண்டையும் மேற்புறத்திலேயே ஒட்டி R1, R3-இல் இணைப்பவர்கள் உண்டு. 1.96 வரும். ஆனால் வெப்பப் பிழையும் கூடவே இரட்டிப்பாகும், பட்டை நீளவாக்கில் இழுபட்டால் அதுவும் எடையாகத் தெரியும். மேல், அடி இணைப்பில் நீளவாக்கு இழுவை இரண்டு கேஜையும் ஒன்றாக நீட்டுவதால் கழிந்துபோகும்.

## 8. நான்கு கேஜ்

மேற்புறம் அருகருகே இரண்டு, அடிப்புறம் அருகருகே இரண்டு, எல்லாம் ஒரே தூரத்தில். மேல் இரண்டும் R1, R3. அடி இரண்டும் R2, R4. 2 கிலோவுக்கு 3.92 மில்லிவோல்ட் வர வேண்டும்.

இடம் பற்றாமல் இரண்டாவது ஜோடியை எடைப் பக்கம் தள்ளி ஒட்டினால் என்ன ஆகும்? எடையிலிருந்து 140 மில்லிமீட்டரில் ஒட்டினால் அங்கே திரிபு சுமார் 6.7 சதவீதம் குறைவு, மொத்த வெளியீடு சுமார் 3.3 சதவீதம் குறையும். மேற்கேஜும் அடிக்கேஜும் ஒரே தூரத்தில் ஜோடியாக இருந்து, ஒவ்வொரு ஜோடியும் ஒரே வரிசையில் இணைந்திருக்கும்வரை கோடு நேராகவே இருக்கும். ஜோடியை வரிசை மாற்றி இணைத்தால்தான் வரிசையின் மொத்தம் கொஞ்சம் மாறத் தொடங்கும்.

வெளியீடு கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக வந்தால் ஒரு மேற்கேஜும் ஒரு அடிக்கேஜும் இடம் மாறியிருக்கின்றன. இணைப்பைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். நான்கு கேஜையும் ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விரல் நுனியால் தொட்டுச் சூடாக்குங்கள், எண் எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள். மேல் இரண்டும் ஒரே திசையிலும், அடி இரண்டும் அதற்கு எதிர்த் திசையிலும் நகர வேண்டும்.

பெருக்கியின் பெருக்கத்தை நான்கு மடங்காக்கினால் போதாதா, எதற்கு நான்கு கேஜ் என்று கேட்பார்கள். பெருக்கியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும். நான்கு கேஜ் போட்டால் பிரிட்ஜின் வெளியீட்டு மின்தடை அதே 350 ஓம்தான், பெருக்கியின் இரைச்சலும் அதேதான், சிக்னல் மட்டும் நான்கு மடங்கு. சப்ளையை 10 வோல்ட்டாக்கினால் சிக்னல் இரட்டிக்கும், ஆனால் ஒவ்வொரு கேஜிலும் வெப்பம் 18 மில்லிவாட்டிலிருந்து 71 ஆகும். எஃகு அந்தச் சூட்டை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் மேல் ஒட்டிய கேஜில் எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

## 9. ஷண்ட் வைத்துச் சரிபார்த்தல்

எடை இல்லாமல் R1-க்கு இணையாக 470 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடுங்கள். 350 ஓம் கை சுமார் 0.26 ஓம் குறையும், x = −0.000744, இது 372 மைக்ரோஸ்ட்ரெயின் சுருக்கத்துக்குச் சமம். 5 வோல்ட்டில் −0.93 மில்லிவோல்ட் வர வேண்டும். அளவு சரியாக வந்தால் சப்ளை, வயரிங், பெருக்கி மூன்றும் சரி. கேஜ் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் இது சொல்லாது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். நான்கு கேஜ் பிரிட்ஜில் ஷண்ட் தொட்டால் நான்கு மடங்கு, அதாவது 3.7 மில்லிவோல்ட் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். வராது. ஷண்ட் ஒரே ஒரு கையைத்தான் மாற்றுகிறது. ஒன்று, இரண்டு, நான்கு எதுவானாலும் −0.93-தான். நான்கு கேஜ் பிரிட்ஜில் அது 2 கிலோவுக்கு அருகே இல்லை, அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அளவைத் திருத்தும்போது இதை மறந்தால் எல்லா எடையும் நான்கு மடங்கு தவறிவிடும்.

## 10. வளைவை உண்மையாகவே கவனிக்க வேண்டிய இடங்கள்

நம் பட்டையில் வளைவு அற்பம். மூன்று இடங்களில் அது அப்படி இல்லை.

முதலாவது, தூண் வடிவ லோட் செல். தூணை நேராக அழுத்தும்போது நீளவாக்குக் கேஜ் எவ்வளவு சுருங்குகிறதோ, குறுக்குக் கேஜ் அதில் 0.3 பங்குதான் விரியும். எஃகின் பாய்சான் விகிதம் அது. நான்கு கேஜ் போட்டாலும் உணர்திறன் 4 மடங்கு ஆகாது, 2.6 மடங்குதான். ஒவ்வொரு வரிசையிலும் 0.7 பங்கு மாற்றம் கழியாமல் மிஞ்சும், ஆகவே விலகலும் ஒற்றைக் கையில் இருந்ததில் 0.7 பங்கு நிற்கும். 2000 மைக்ரோஸ்ட்ரெயினில் அது 0.14 சதவீதம். நான்கு கேஜ் இருக்கிறதே என்று நேர்கோடாக எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு எடையை வைத்துத் திருத்தினால் நடு எடைகளில் பிழை வரும். குறைந்தது மூன்று எடைகளில் திருத்த வேண்டும்.

இரண்டாவது, குறைகடத்திக் கேஜ். கேஜ் காரணி 100 என்று எடுத்துக்கொண்டால் 1000 மைக்ரோஸ்ட்ரெயினிலேயே x 0.1 ஆகிறது. நம் 1100 ஓம் பயிற்சி இதுவேதான், ஒற்றைக் கையில் 4.76 சதவீத விலகல். இங்கே எதிர்த் திசைப் பக்கக் கைகள் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

மூன்றாவது, பிளாட்டினம் 100 ஓம் வெப்ப சென்சார். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். 100 ஓம் ரெசிஸ்டர் மூன்றோடு பிரிட்ஜில் வைத்து, 0, 100 இரண்டிலும் சரியாகக் காட்டுமாறு திருத்தினாலும், உண்மையில் 50 டிகிரி இருக்கும்போது சுமார் 54.8 காட்டும். வெப்பம் ஏற ஏற எதிர்த் திசையில் மாறும் ஜோடி சென்சார் இங்கே கிடையாது, ஆகவே கைகளைக் கூட்டும் வழி அடைபட்டுவிடுகிறது. R2-ஐப் பல மடங்கு பெரிதாக்கி, R3-ஐயும் அதே விகிதத்தில் பெரிதாக்கினால் வளைவு குறையும், ஏனென்றால் வரிசையின் மொத்தத்தில் சென்சாரின் பங்கு சிறிதாகிறது. பத்து மடங்காக்கினால் 100 டிகிரியில் விலகல் 16 சதவீதத்திலிருந்து சுமார் 3.4 ஆகும், ஆனால் உணர்திறனும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். இந்த சென்சாருக்கு 4ஆம் படியின் திருத்தச் சூத்திரத்தையோ, பிரிட்ஜே இல்லாமல் நிலையான மின்னோட்டம் கொடுத்து நான்கு வயரில் அளப்பதையோதான் நான் தேர்ந்தெடுப்பேன்.